இருட்டில் ஓடும் மின்னோட்டம்

மங்கிய வெளிச்சத்தில் நமக்குப் பார்வை தருபவை விழித்திரையின் குச்சி செல்கள். உடலின் பெரும்பாலான உணர்வு செல்களைத் தூண்டினால் அவற்றின் அயனி வாசல்கள் திறக்கும். குச்சி செல்லில் நடப்பது தலைகீழ்: ஒளி பட்டால் வாசல்கள் மூடிக்கொள்கின்றன.

இருட்டிலிருந்தே தொடங்குவோம். செல்லின் வெளிமுனைச் சவ்வில் உள்ள வாசல்களைத் திறந்து வைத்திருப்பது சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு. அவற்றின் வழியே சோடியமும் கொஞ்சம் கால்சியமும் ஓயாமல் உள்ளே வருகின்றன. உள்முனையில் பொட்டாசியம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. இப்படி இருட்டில் ஓடும் மின்னோட்டத்தால் செல்லின் உட்புறம் சுமார் -40 மில்லிவோல்ட்டில் நிற்கிறது. அடுத்த செல்லுக்கு குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறது.

ஒளியைப் பிடிக்கும் ரோடாப்சின் இருப்பது வேறிடத்தில்: செல்லுக்குள் தட்டுத் தட்டாக அடுக்கிய சவ்வுகளில். தட்டுகளும் வெளிச்சவ்வும் ஒட்டியிருப்பதில்லை. இடைவெளியைக் கடக்க ஒரு தூது வேண்டும். ஒரு ஃபோட்டான் விழுந்ததும் ரோடாப்சினுக்குள் வளைந்திருந்த ரெட்டினால் நிமிர்கிறது. விழித்துக்கொண்ட ரோடாப்சின் பல டிரான்ஸ்டியூசின் புரதங்களை அடுத்தடுத்து முடுக்கிவிடுகிறது. அவை பாஸ்ஃபோடைஎஸ்டரேஸ் நொதியைத் தட்டியெழுப்ப, அந்த நொதி சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்கிறது. அதன் அளவு குறைந்தால் வாசல்கள் மூடும். சோடியம் வருவது தடைபடுகிறது, பொட்டாசியம் மட்டும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. உட்புறம் மேலும் எதிர்மின்னாகிறது. பலமான ஒளியில் அது -70 வரை இறங்கும். குளூட்டமேட் குறைவதுதான் மூளைக்குப் புறப்படும் செய்தியின் தொடக்கம்.

இதன் நுட்பத்தை 1979-இல் பேலர், லேம்ப், யாவ் மூவரும் அளந்தார்கள். தேரையின் ஒரு குச்சி செல்லின் வெளிமுனையை நுண்ணிய கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சி வைத்து, மிக மங்கிய ஒளித் துடிப்புகளைப் பாய்ச்சினார்கள். சில துடிப்புகளுக்குப் பதிலே இல்லை. சிலவற்றுக்கு மின்னோட்டம் ஏறக்குறைய 1 பிக்கோ ஆம்பியர் குறைந்தது. சிலவற்றுக்கு அதைப்போல் இரு மடங்கு. இடைப்பட்ட அளவுகள் அரிது. ஒற்றை ஃபோட்டானின் தடம் அது என்பதை இந்தப் படிநிலைகளே காட்டிக்கொடுத்தன. இருட்டில் ஓடும் மொத்தமே சுமார் 20 பிக்கோ ஆம்பியர்தான் என்பதை நினைத்தால், ஒரே ஃபோட்டான் இருபதில் ஒரு பங்கை நிறுத்திவிடுகிறது!

இந்த நுட்பத்துக்கும் எல்லை உண்டு. ஒளியே படாமல், உடல் வெப்பத்தால் மட்டுமே ரோடாப்சின் எப்போதாவது தானாக விழித்துக்கொள்ளும். உண்மையான ஃபோட்டானுக்கும் இதற்கும் செல்லுக்கு வேறுபாடு தெரியாது.

வாசல்கள் மூடினால் கால்சியமும் குறையும். அதுவே மீட்சிக்கான அடையாளம்: சைக்ளிக் ஜிஎம்பி தயாரிக்கும் நொதி வேகமெடுத்து வாசல்களைத் திறக்கிறது. பாஸ்ஃபோடைஎஸ்டரேஸ் மரபணு பழுதானவர்களிடம் சைக்ளிக் ஜிஎம்பி குவிந்து, வாசல்கள் அளவுமீறித் திறந்து, குச்சி செல்கள் மடிகின்றன. விழித்திரை நிறமி அழற்சி எனப்படும் பரம்பரை நோயின் ஒரு வகை இது. முதலில் மாலைக்கண் வருகிறது, பிறகு பார்வையின் ஓரங்கள் சுருங்குகின்றன.