விரல் இடுக்கில் ஒரு கோடு

ஆண்டு விடுமுறைக்குக் கல்லூரி விடுதியிலிருந்து வந்த என் அக்கா மகன், முதல் இரவே தூங்காமல் சொறிந்துகொண்டிருந்தான். பகலில் அவ்வளவாக இல்லை. படுத்து உடம்பு சூடேறியதும் ஆரம்பித்துவிடும். வேர்க்குரு என்றார் பாட்டி. மருந்துக்கடையில் அலர்ஜி என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்கள். நாலே நாளில் சிவப்பு அடங்கியது. தினமும் இரவு அவன் முதுகில் அதைத் தடவிவிட்டவள் அக்கா. ஐந்தாவது வாரம் அவளுக்கும், அண்ணனோடு ஒரே பாயில் படுக்கும் தம்பிக்கும் அரிக்கத் தொடங்கியது.

தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்ல வேற யாருக்காவது அரிக்குதா?" என்பதுதான். பையனின் கையை வாங்கி, விரல் இடுக்கைப் பேனா மையால் தேய்த்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். மை எல்லாம் போனது. முடி கனத்தில், அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வளைந்த கோடு மட்டும் நின்றது. ஒரு பூச்சி தோலுக்குள் குடைந்து போன பாதை அது. அதற்குள் மை இறங்கிவிட்டதால் துடைத்தாலும் போகவில்லை. "ஸ்கேபிஸ்" என்றார். நம் ஊர்ச் சொல்லில் சொறி சிரங்கு.

அந்தப் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு சிற்றுண்ணி. பெண் உண்ணி மேல்தோலுக்குள் வளை தோண்டி, தினமும் இரண்டு மூன்று முட்டையிடும். உடம்பு முழுக்க அரித்தாலும், ஒருவர் மேல் பெரும்பாலும் 10, 15 உண்ணிகள்தான் இருக்கும். அரிப்பைக் கிளப்புவது அதன் கழிவையும் முட்டையையும் நம் உடம்பு எதிர்க்கும் வேகம். முதல்முறை தொற்றியவருக்கு அந்த எதிர்ப்பு உருவாகவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அக்காவுக்கு ஐந்து வாரம் ஒன்றும் தெரியாமல் இருந்தது இதனால்தான். அதற்குள் அவளிடமிருந்தும் பிறருக்குத் தொற்றியிருக்கலாம்.

இரவில் அரிப்பதை மட்டும் வைத்து ஸ்கேபிஸ் என்று முடிவு கட்ட முடியாது. கரப்பான் என்று நாம் சொல்லும் எக்ஸிமாவும் இரவில் தூங்க விடாது. ஆனால் அது பெரும்பாலும் சிறு வயதிலிருந்தே வந்து வந்து போகும். முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்மடிப்பிலும் தோல் வறண்டு, சொரசொரவென்று தடித்துவிடும். வீட்டில் யாருக்காவது இளைப்பும் தும்மலும் இருக்கும். பக்கத்தில் படுத்தவருக்கு ஒட்டாது. ஒவ்வாமையில் வரும் தடிப்பு, கொசுக்கடிபோல வீங்கி, இடம் மாறி, ஒவ்வொரு தடிப்பும் ஒரு நாளைக்குள் தடமில்லாமல் மறையும். கவரிங் நகையோ தலைச்சாயமோ ஒத்துக்கொள்ளாவிட்டால், அது பட்ட இடத்தில்தான் பெரும்பாலும் புண்ணாகும். ஸ்கேபிஸ் தேர்ந்தெடுக்கும் இடங்கள் வேறு: விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்புக் கயிறு கட்டும் இடம், ஆணுறுப்பு, பெண்களுக்கு மார்க்காம்பைச் சுற்றி. பெரியவர்களின் முகத்தைப் பொதுவாக விட்டுவிடும். கைக்குழந்தைக்கு மட்டும் தலை, உள்ளங்கை, உள்ளங்கால்வரை வரும்.

கடையில் வாங்கிய களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு. அது எதிர்ப்பை அடக்கும், உண்ணியைக் கொல்லாது. அரிப்பு குறைந்த தைரியத்தில் உண்ணி பெருகும். கொப்புளங்களின் உருவம் மாறிவிடுவதால் மருத்துவருக்கே அடையாளம் தப்பும். மருந்துச் சீட்டு இல்லாமல் இந்தக் களிம்பைக் கொடுப்பதும் வாங்குவதும் எனக்குக் கோபம் தரும் பழக்கம்.

எழுதிக் கொடுத்தது 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம். அரிக்கிற இடத்தில் மட்டும் தடவினால் பயனில்லை. கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, நகத்தை ஒட்ட வெட்டி நகக்கண்ணிலும், இடுக்கு ஒன்றும் விடாமல் இரவில் பூச வேண்டும். பெரியவருக்குச் சுமார் 30 கிராம் பிடிக்கும். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருந்து காலையில் குளிக்கலாம். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்டே பூச வேண்டும்.

அரிப்பே இல்லாத பாட்டியும் அன்றிரவே பூசிக்கொண்டார். ஒருவர் விட்டால் அவரிடமிருந்து எல்லாருக்கும் திரும்பி வரும். காலையில் பாய்விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் கொதிநீரில் போய் வெயிலில் காய்ந்தன. துவைக்க முடியாத போர்வையைப் பாலித்தீன் பையில் கட்டி ஒரு வாரம் வைத்தார்கள். மனித உடம்பை விட்டால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் உண்ணி பிழைக்காது.

பத்தாம் நாள் அக்கா போன் செய்தாள். "இன்னும் அரிக்குதுடா, மருந்து கேக்கலையோ?" செத்த உண்ணிகளின் மிச்சம் தோல் உதிரும்வரை உள்ளேயே இருப்பதால், மருந்துக்குப் பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிப்பு நீடிக்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அதற்குப் பயந்து க்ரீமைத் தினமும் பூசினால் தோல்தான் எரியும். புதுக் கொப்புளம், புதுக் கோடு வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். வரவில்லை. பையன் மட்டும் விடுதிக்குத் திரும்புமுன் அறைத்தோழர்கள் மூவரையும் போனில் கூப்பிட்டான். மூவருமே சொறிந்துகொண்டிருந்தார்கள்.