கண்டக்டரும் ஸ்கிப்பிங் கயிறும்

நாள் முழுக்க நின்றே டிக்கெட் கிழிக்கும் டவுன் பஸ் கண்டக்டர் ஒருவருக்கு ரத்த அழுத்தம் 150/96 என்று வந்தது. "நான் உட்காரவே நேரமில்லையே, டாக்டர்!" என்றார் அவர். நிற்பதும் நெரிசலில் நகர்வதும் மூச்சு வாங்க வைக்கும் உடற்பயிற்சி ஆகாது. லண்டன் பஸ்களில் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவு என்று ஜெரி மோரிஸ் குழு 1953-இல் காட்டியது உண்மைதான். ஆனால் அவை மாடி பஸ்கள்; கண்டக்டர்கள் ஓயாமல் படியேறி இறங்கினார்கள்.

மாத்திரையோடு நடைப்பயிற்சியும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். சில வாரங்களில் அழுத்தம் கட்டுக்குள் வந்தபின்தான் கயிறு தாண்ட அனுமதித்தார். கயிற்றின் நடுவில் காலை வைத்து இழுத்தால் கைப்பிடிகள் அக்குள்வரை வரவேண்டும். அதுவே சரியான நீளம்.

முதல் நாள் உற்சாகத்தில் அவர் உயரமாகக் குதித்தார், மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு பஸ் படியில் ஏறவே சிரமப்பட்டார். கயிறு காலடியில் புகும் அளவுக்கு, ஓரிரு சென்டிமீட்டர் எழும்பினால் போதும். சுழற்ற வேண்டியது மணிக்கட்டு, தோள் அல்ல. பிறகு 20 விநாடி தாண்டல், 40 விநாடி ஓய்வு என்று பத்து நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள், ஷூ போட்டு மண்தரையில் தாண்டினார். முழங்கால் வலித்தால் அன்று வெறும் நடை. நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு. மாத்திரையும் தொடர்ந்தது.