பெயர்ப்பட்டியலில் முதலெழுத்தை எண்ணுதல்

பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்களில், தொழிலாளர் பெயர்களைக் கிராணிமார் தம் காதில் விழுந்தவாறே ரோமன் எழுத்தில் பதிந்தனர். அத்தகைய பட்டியலில் எந்த எழுத்தில் எத்தனை பெயர்கள் தொடங்குகின்றன என்று எண்ணுவது எளிய வேலையாகத் தோன்றும். ஆனால், எந்த எழுத்துமுறையில் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

தோட்டங்களில் பெரிதும் வழங்கிய பத்துப் பெயர்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்: கணேசன், கோவிந்தசாமி, காளியம்மா, குப்பம்மா, இராமசாமி, அரங்கசாமி, இலட்சுமி, சரோஜா, சண்முகம், சிவலிங்கம். மலேசிய வழக்கப்படி இவற்றை ரோமன் எழுத்தில் எழுதி எண்ணினால் 'ஜி' 2, 'கே' 2, 'ஆர்' 2, 'எல்' 1, 'எஸ்' 3 என்று வரும். தமிழில் எண்ணினாலோ ககர வரிசை 4, சகர வரிசை 3, இகரம் 2, அகரம் 1 ஆகும். இரண்டிலும் கூட்டுத்தொகை பத்தே. பிரிவுகள் மட்டும் வேறு.

காரணம் தமிழின் ஒலியமைப்பில் உள்ளது. வல்லெழுத்தின் அதிர்வொலிக்கும் அதிர்விலா ஒலிக்கும் தமிழில் ஓரெழுத்தே. ஆகவே 'ஜி', 'கே' இரண்டும் ககரத்தில் ஒன்றுசேர்கின்றன. ரகரமும் லகரமும் மொழிமுதல் வாரா என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. அதனால் இராமசாமியும் இலட்சுமியும் இகரம் பெற, அரங்கசாமி அகரம் பெறுகிறது. ரோமன் பட்டியலில் ஒரே 'ஆர்' பிரிவில் இருந்த இரு பெயர்கள் தமிழில் இரு வேறு இடங்களுக்குச் செல்கின்றன. இக்கால வழக்கில் ராமசாமி, ரெங்கசாமி என்றும் எழுதுவதால், எந்த வடிவத்தை ஏற்கிறோம் என்பதை எண்ணத் தொடங்குமுன்பே முடிவுசெய்தல் வேண்டும்.

அடுத்து, எண்ணும் அலகு எது என்ற வினா எழுகிறது. க, கோ, கா, கு ஆகியவற்றைத் தனித்தனி உயிர்மெய்யெழுத்துகளாகக் கொண்டால் நான்கு பிரிவுகளில் ஒவ்வொரு பெயர் வரும். மெய்யை அலகாகக் கொண்டால் ஒரே பிரிவில் நான்கு பெயர்கள் வரும். சிறு பட்டியலுக்கு மெய்யே ஏற்றது. உயிர்மெய்யை அலகாக்கினால் பெரும்பாலான பிரிவுகள் வெறுமையாகவே நிற்கும்.

தலைப்பெழுத்தையும் கவனிக்க வேண்டும். 'சு. கணேசன்' என்ற பதிவில் 'சு' தந்தையின் பெயருக்குரியது. அதை நீக்காமல் எண்ணினால் சகரம் பொய்யாகப் பெருகும். கூட்டுத்தொகை சரியாகவே இருக்குமாதலால் இப்பிழையைக் கூட்டிப் பார்த்துக் கண்டறிய இயலாது. ஒவ்வொரு பிரிவிலும் சில பெயர்களைப் படித்துப் பார்த்தே அறிய முடியும்.

இவ்வேறுபாடு வெறும் கணக்குச் சிக்கலன்று. பிறப்புச் சான்றிதழில் 'ஜி' என்றும் அடையாள அட்டையில் 'கே' என்றும் தொடங்கும் ஒருவரது பெயர், ரோமன் அகரவரிசையில் இரு வேறு பக்கங்களில் நிற்கும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தவர், அவர் பட்டியலிலேயே இல்லை என்று முடிவுகட்டக்கூடும். ஆகவே பழைய ஏட்டில் பாட்டனாரின் பெயரைத் தேடும் மாணவர் 'ஜி', 'கே' இரண்டையும், அவ்வாறே 'டி'யின் கீழும் 'தி'யின் கீழும் எழுதப்பட்ட தகரப் பெயர்களையும், 'பி' என ஒலிக்கும் இரு ரோமன் எழுத்துகளிலும் உள்ள பகரப் பெயர்களையும் சேர்த்தே தேடுதல் வேண்டும்.