முதலில் கட்டம், பிறகு கணினி, கடைசியில் பலன்

ஜோதிடம் கற்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பலனிலிருந்தே தொடங்குகிறார்கள். ஏழில் செவ்வாய் இருந்தால் என்ன, ஏழரைச் சனி எப்போது விலகும் என்று கேட்கிறார்கள். பொழுதுபோக்காகப் படிப்பவருக்கு இந்த வரிசை உதவாது. கணக்கு முதலில், மென்பொருள் அதன் பிறகு, பலன் கடைசியில் என்று போனால்தான் கணினி காட்டும் கட்டம் சரியா தவறா என்று சொல்லவாவது முடியும்.

பயிற்சிக்கு, பிறந்த நேரத்தில் சந்தேகமே இல்லாத ஒரு ஜாதகம் வேண்டும். ஜோதிடர்கள் வெகுகாலமாக எடுத்துப் பேசிவரும் ஒன்று இருக்கிறது: 1947 ஆகஸ்ட் 15, நள்ளிரவு 12 மணி, டெல்லி. ஒரு நாட்டுக்கு ஜாதகம் உண்டா என்ற விவாதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கணக்குக்காக இதை எடுத்துக்கொள்வோம்.

ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். தென்னிந்திய முறையில் ராசிகளின் இடம் மாறாது. மேல் வரிசையில் இடது மூலை மீனம், அதற்கு வலப்பக்கம் மேஷம், அங்கிருந்து கடிகாரச் சுற்றில் ரிஷபம், மிதுனம், கடகம் என்று போகும். இனி சூரியனை வையுங்கள். இதற்குப் புத்தகம்கூட வேண்டாம், தமிழ் மாதமே சொல்லிவிடும். சித்திரையில் சூரியன் மேஷத்தில், வைகாசியில் ரிஷபத்தில், ஆனியில் மிதுனத்தில், ஆடியில் கடகத்தில். ஆகஸ்ட் 15 ஆடியின் கடைசி நாட்கள். ஆகவே சூரியன் கடகத்தின் கடைசிப் பாகைகளில் இருக்கிறது. அடுத்தது சந்திரன். 1947 ஆகஸ்ட் 16 அமாவாசை. அமாவாசையில் சூரியனும் சந்திரனும் ஒரே பாகையில் சேரும். சந்திரன் ஒரு நாளைக்குச் சராசரியாக 13 பாகை நகரும் என்பதால், சேர்வதற்கு ஒன்றரை நாளுக்கு மேல் இருக்கும்போது அது இருபது பாகைக்குச் சற்று அதிகமாகப் பின்னால் இருந்திருக்கும். அதுவும் கடகம்தான்.

லக்னம் என்பது பிறந்த நொடியில் கீழ்வானில் உதிக்கும் ராசி. சூரிய உதயத்தின்போது சூரியன் நிற்கும் ராசியே லக்னம். அதன் பிறகு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ராசி மாறும். டெல்லியில் அன்று உதயம் காலை ஆறு மணியை ஒட்டி. அப்போது லக்னம் கடகத்தின் கடைசி. நள்ளிரவுக்கு வர ஆறு மணி நேரம் பின்னால் போக வேண்டும், அதாவது ஏறக்குறைய மூன்று ராசி. மிதுனம் கடந்து ரிஷபத்தின் தொடக்கத்துக்கு வந்து நிற்கிறோம். ராசிக்கு ராசி உதிக்கும் நேரம் கொஞ்சம் மாறுவதால் இது தோராயம்தான். ஆனாலும் போதும்.

இப்போது கணினியைத் திறக்கலாம். பி.வி.ஆர். நரசிம்ம ராவ் உருவாக்கிய ஜகன்னாத ஹோரா, விண்டோஸில் இயங்கும் இலவச மென்பொருள். முதல் வேலையாகக் கட்டத்தைத் தென்னிந்திய வடிவுக்கு மாற்றி, அயனாம்சம் லஹிரிதானா என்று பாருங்கள். பிறகு நாள், நேரம், ஊர் கொடுங்கள். லக்னம் ரிஷபம் 7 பாகை, சூரியன் கடகம் 27 பாகை 59 கலை, சந்திரன் கடகம் 3 பாகை 59 கலை என்று வரும். கையால் போட்டதும் இதுவும் ஒத்துப்போகின்றன.

ஒத்துப்போகாவிட்டால் எங்கே பிசகியது என்பதைக் கட்டமே சொல்லும். சூரியன் சிம்மத்தில் இருந்தால் அயனாம்சம் கழிபடவில்லை. ஆடியில் சூரியன் சிம்மத்தில் இருக்க முடியாது. நள்ளிரவு 12 என்பதை நண்பகல் 12 ஆகக் கொடுத்துவிட்டால் நடப்பது இன்னும் நுட்பமானது. ராசி கடகம்தான், நட்சத்திரம் பூசம்தான், எதுவும் கண்ணில் உறுத்தாது. ஆனால் லக்னம் துலாம் ஆகிவிடும், சனி தசை இருப்பு 18 ஆண்டிலிருந்து ஏழு ஆண்டாகக் குறைந்துவிடும். இதைப் பிடிக்க ஒரே வழி சூரியன் எத்தனையாம் இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது. விடியலில் லக்னத்தில், நண்பகலில் பத்தாம் இடத்தில், மாலையில் ஏழில், நள்ளிரவில் நான்கில் அல்லது அதற்குப் பக்கத்து இடத்தில் இருக்கும். துலாத்துக்குக் கடகம் பத்தாம் இடம். பகல் ஜாதகம் என்று உடனே தெரிந்துவிடும்.

நேர மண்டலத்திலும் கவனம் வேண்டும். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, போர்க் காலத்தில், இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடின. இலங்கையில் 1996 மே மாதம் கடிகாரத்தை மாற்றினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி மாற்றினார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பினார்கள். அந்தப் பத்தாண்டுகளில் இலங்கையில் பிறந்தவர்களின் ஜாதகத்தில் இதைப் பார்க்காமல் விட்டால் லக்னமே மாறிப்போகலாம்.

தசையையும் ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு நட்சத்திரத்தின் நீளம் 13 பாகை 20 கலை, அதாவது 800 கலை. பூசம் கடகத்தில் 3 பாகை 20 கலையில் தொடங்குகிறது. சந்திரன் 3 பாகை 59 கலையில் இருப்பதால் கடந்தது 39 கலை. பூசத்துக்கு உரிய சனி தசை 19 ஆண்டு. 39-ஐ 800-ஆல் வகுத்து 19-ஆல் பெருக்கினால் சுமார் 11 மாதம். மிச்சம் 18 ஆண்டு ஒரு மாதம். சந்திரன் ஒரு மணி நேரத்தில் அரைப் பாகைக்கு மேல் நகரும் என்பதையும் இங்கே கவனியுங்கள். நேரம் ஒரு மணிக்குச் சற்று மேல் முன்னால் போயிருந்தால் நட்சத்திரம் புனர்பூசம், தசை குருவுடையது. வீட்டிலுள்ள பழைய ஜாதகத்தில் தசை இருப்பு மென்பொருளோடு ஒத்துவராததற்கு இதுபோன்ற காரணம் இருக்கலாம். அது வாக்கியப் பஞ்சாங்கத்தில் கணித்ததாக இருக்கும், மென்பொருள் திருக்கணிதத்தில் போகிறது.

இனி பலன். ரிஷப லக்னத்துக்கு ஒன்பது, பத்தாம் இடங்களுக்கு உரியவர் சனி. கோணத்துக்கும் கேந்திரத்துக்கும் அதிபதியாவதால் அவரை யோககாரகர் என்பார்கள். ஆனால் அவர் நிற்பது பகை வீடான கடகத்தில், அதுவும் சூரியனுக்கு எட்டு பாகைக்குள், அஸ்தங்கமாகி. ஒரு விதி உயர்த்துகிறது, இரண்டு விதிகள் தாழ்த்துகின்றன. எதற்கு எடை அதிகம்? நூல்களில் இதற்குத் தீர்ந்த விடை கிடையாது. 1947 முதல் 1965 வரை நடந்தது நமக்குத் தெரியும் என்பதால், எந்த விதியை எடுத்தாலும் அதற்கேற்ற நிகழ்ச்சி ஒன்றைக் காட்டிவிடலாம்.

இந்த இடத்தில்தான் மாணவர் தன்னோடு நேர்மையாக இருக்க வேண்டும். வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் உடன் பணிபுரிந்தவர்களும் மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். 27 ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகம் கொடுத்து, எது படிப்பில் சிறந்த பிள்ளையுடையது, எது மனவளர்ச்சி குன்றிய பிள்ளையுடையது என்று கேட்டார்கள். சராசரியாகச் சரியாக வந்தது 46 சதவீதம். நாணயத்தைச் சுண்டியே விடை சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு வந்திருக்கும். கிரக நிலைக் கணக்கு நிற்கும், பலன் சோதனையில் நிற்கவில்லை. ஆகவே கல்யாணம், வைத்தியம், பணம் போன்றவற்றை இந்தப் படிப்பிடம் ஒப்படைக்காதீர்கள்.

அதே சோதனையைச் சிறிதாக வீட்டிலும் செய்யலாம். நண்பர் ஒருவரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாத ஐந்து பேரின் பிறந்த விவரங்களை, அவர்கள் சம்மதத்தோடு, பெயரில்லாமல் ஒரு தாளிலும், அவர்கள் வாழ்க்கையின் முக்கிய நிகழ்ச்சிகளைக் கலைத்து இன்னொரு தாளிலும் வாங்குங்கள். ஐந்து கட்டத்தையும் போட்டு, எது யாருடையது என்று நினைக்கிறீர்களோ அதையும், எந்த விதியை வைத்து அப்படி நினைத்தீர்கள் என்பதையும் நோட்டில் மையால் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகே விடையைக் கேளுங்கள்.