தொடர்பு உண்டா, இல்லையா: கை-வர்க்கச் சோதனையும் எதிர்பார்ப்பு எண்களும்

கை-வர்க்கச் சார்பின்மைச் சோதனை ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தேடுகிறது. மக்களை இரண்டு விதமாக வகைப்படுத்தி எண்ணியபின், ஒரு வகைப்பாட்டுக்கும் மற்றதற்கும் தொடர்பு இருக்கிறதா என்பதே அந்தக் கேள்வி. பாலினமும் கல்லூரி அனுமதியும், மதமும் வாக்கும், கல்வியும் வேலையும் என்று சமூக அறிவியலில் இத்தகைய இணைகள் ஏராளம். 1900-இல் கார்ல் பியர்சன் இந்த அளவையை வெளியிட்டார். அட்டவணைகளுக்கு அதைச் சரியாகப் பயன்படுத்தும் முறையை ரொனால்ட் ஃபிஷர் 1922-இல் திருத்தித் தந்தார்.

இந்தச் சோதனையின் பலமும் ஆபத்தும் சேர்ந்தே தெரிகிற எடுத்துக்காட்டு, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து முதுநிலைப் படிப்புகளுக்கான 1973-ஆம் ஆண்டு அனுமதிக் கணக்கு. பிக்கல், ஹாமல், ஓ'கானல் ஆகிய மூவரும் 1975-இல் ‘சயின்ஸ்’ இதழில் அதை ஆராய்ந்து எழுதினார்கள். விண்ணப்பங்களின் விவரம் இது:

| | ஏற்கப்பட்டவை | மறுக்கப்பட்டவை | மொத்தம் |
|---|---|---|---|
| ஆண்கள் | 3738 | 4704 | 8442 |
| பெண்கள் | 1494 | 2827 | 4321 |
| மொத்தம் | 5232 | 7531 | 12763 |

ஆண்களில் சுமார் 44 சதவீதத்தினருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 35 சதவீதத்தினருக்கே கிடைத்தது. இந்த இடைவெளி தற்செயலாகவே வந்திருக்கலாமா?

விடை காண, முதலில் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். இதுவே இன்மைக் கருதுகோள். பாலினத்துக்கும் அனுமதிக்கும் சம்பந்தம் இல்லையென்றால், மொத்த விண்ணப்பங்களில் ஏற்கப்பட்ட பங்கு எவ்வளவோ அதே பங்குதான் ஆண்களிடமும் பெண்களிடமும் இருக்க வேண்டும். அந்தப் பொதுப் பங்கு 12763-இல் 5232, அதாவது ஏறத்தாழ 41 சதவீதம். 8442 ஆண்களில் அதே பங்கை எடுத்தால், ஏற்கப்பட்டிருக்க வேண்டிய ஆண்களின் எண்ணிக்கை வருகிறது:

```
8442 × 5232 / 12763 = 3460.67
```

வரிசை மொத்தத்தை நிரல் மொத்தத்தால் பெருக்கி, முழு மொத்தத்தால் வகுக்க வேண்டும் என்று பாடநூல்கள் தரும் சூத்திரம் இதுதான். அதை மனப்பாடம் செய்வதைவிட, பொதுப் பங்கை ஒவ்வொரு குழுவுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறோம் என்று புரிந்துகொள்வது நல்லது. எதிர்பார்ப்பு எண்ணில் தசமம் வருவது பிழையல்ல. அது ஆட்களை எண்ணி வந்த எண் அல்ல, ஒரு கற்பனை நிலையின் கணக்கு. அதை முழு எண்ணாக மாற்றவும் கூடாது.

ஒரு கட்டம் தெரிந்ததும் மற்ற மூன்றும் கழித்தலில் கிடைத்துவிடுகின்றன. மறுக்கப்பட்ட ஆண்கள் 4981.33, ஏற்கப்பட்ட பெண்கள் 1771.33, மறுக்கப்பட்ட பெண்கள் 2549.67. ஓரங்களில் உள்ள மொத்தங்கள் மாறாதவரை, ஒரு கட்டத்தை மட்டுமே சுதந்திரமாக நிரப்ப முடியும். இதனால்தான் இரண்டுக்கு இரண்டு அட்டவணையின் சுதந்திரப் பாகை 1 என்கிறோம். பெரிய அட்டவணையில் வரிசை எண்ணிக்கையிலும் நிரல் எண்ணிக்கையிலும் ஒவ்வொன்றைக் குறைத்துப் பெருக்கினால் அது கிடைக்கும். ஃபிஷரின் திருத்தம் இந்த இடத்தில்தான்.

இனி, கிடைத்த எண்ணுக்கும் எதிர்பார்த்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம். நான்கு கட்டங்களிலும் அது 277.33 தான், குறி மட்டும் மாறுகிறது. ஆனால் 3461 பேரை எதிர்பார்த்த இடத்தில் 277 மாறுவதும், 1771 பேரை எதிர்பார்த்த இடத்தில் 277 மாறுவதும் ஒரே எடையுள்ளவை அல்ல. எனவே வித்தியாசத்தை வர்க்கமாக்கி, அந்தக் கட்டத்தின் எதிர்பார்ப்பு எண்ணால் வகுக்கிறார்கள். 22.22, 15.44, 43.42, 30.17 என நான்கு எண்கள் வருகின்றன. கூட்டினால் 111.25. அதுவே கை-வர்க்க மதிப்பு. அதில் மிகப் பெரிய பங்கு ஏற்கப்பட்ட பெண்களின் கட்டத்திலிருந்து வருகிறது.

சுதந்திரப் பாகை 1 உள்ளபோது, தொடர்பே இல்லாத நிலையிலும் 3.84-ஐத் தாண்டும் மதிப்பு நூற்றில் ஐந்து முறைதான் வரும். 10.83-ஐத் தாண்டுவது ஆயிரத்தில் ஒரு முறை. 111.25 வெகுதொலைவில் இருக்கிறது. இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது. R மென்பொருளில் சரிபார்க்க:

```
x <- matrix(c(3738,1494,4704,2827), nrow=2)
chisq.test(x, correct=FALSE)
chisq.test(x)$expected
```

`correct=FALSE` என்று தராவிட்டால் விடை 110.85 ஆகும். இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு அந்த மென்பொருள் யேட்ஸ் திருத்தத்தைத் தானாகச் சேர்ப்பதே காரணம்.

மாணவர் ஒப்படைப்புகளில் அடிக்கடி நேரும் தவறு, எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தைக் கட்டங்களில் இடுவது. மேலே உள்ள ஆண்களை 44, 56 என்றும் பெண்களை 35, 65 என்றும் எழுதிக் கணக்கிட்டால் மதிப்பு வெறும் 1.69. தொடர்பு இல்லை என்ற முடிவுக்கே வர நேரும். விகிதம் அதேதான், ஆனால் சோதனை 12763 பேரை 200 பேராக நினைத்துக்கொண்டது. இதிலிருந்து இன்னொன்றும் புலப்படுகிறது. மதிப்பு பெரிதாக இருப்பது தொடர்பு வலுவானது என்பதற்குச் சான்றல்ல. ஆட்கள் அதிகம் என்பதும் அதைப் பெரிதாக்கும். வலுவை அறிய, மதிப்பை மொத்த எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் காண வேண்டும். ஃபை எனப்படும் அந்த அளவு இங்கே 0.09 மட்டுமே, ஒன்று என்பது முழுத் தொடர்பு.

எதிர்பார்ப்பு எண்கள் மிகச் சிறியதாக இருந்தால் 3.84 என்ற எல்லையே நம்பத்தக்கதல்ல. எல்லாக் கட்டங்களிலும் எதிர்பார்ப்பு எண் குறைந்தது 5 இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. கிடைத்த எண் 5-க்குக் கீழே இருப்பது குற்றமல்ல. பார்க்க வேண்டியது எதிர்பார்ப்பு எண்ணை. அது போதாத இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு ஃபிஷரின் துல்லியச் சோதனை உண்டு.

இனி பெர்க்லிக்குத் திரும்பலாம். சோதனை தொடர்பு உண்டு என்றது. பாகுபாடு என்று சொல்லவில்லை. 3460.67 என்ற எண்ணுக்குள்ளேயே ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது: ஆண்களும் பெண்களும் ஒரே துறைகளுக்கு ஒரே விகிதத்தில் விண்ணப்பித்தார்கள் என்பது. உண்மை அப்படி இல்லை. மிகப் பெரிய ஆறு துறைகளை மட்டும் எடுத்தால், எளிதில் இடம் கிடைத்த இரு துறைகளை 2691 ஆண்களில் 1385 பேர் நாடினர்; 1835 பெண்களில் 133 பேரே நாடினர். எஞ்சிய பெண்கள் இடம் கிடைப்பது கடினமான நான்கு துறைகளுக்குப் போனார்கள்.

அந்த ஆறில் A என்று குறிக்கப்படும் துறைக்குத் தனி அட்டவணை இட்டால் படம் தலைகீழாகிறது. 825 ஆண்களில் 512 பேரும், 108 பெண்களில் 89 பேரும் சேர்க்கப்பட்டனர். எதிர்பார்த்த பெண்கள் 69.57, கிடைத்தவர்கள் சுமார் 19 பேர் அதிகம். கை-வர்க்க மதிப்பு 17.25, அதுவும் பெண்களுக்குச் சாதகமாக.

101 துறைகளில், ஒப்பிட வழியிருந்த 85 துறைகளை மூவரும் தனித்தனியே சோதித்தார்கள். நான்கு துறைகளில் பெண்கள் எதிர்பார்த்ததைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைவாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஆறு துறைகளில் ஆண்கள்.