யாருடைய வீடு? விண்ணப்பப்படிவம் தயாரிப்போர் கவனத்திற்கு

வீடு திருத்த உதவி வழங்க முன்வரும் கிராமச் சங்கங்கள், விண்ணப்பப்படிவத்தைப் பெரும்பாலும் ஏதாவதொரு பழைய படிவத்தைப் பார்த்தே எழுதுகின்றன. 'குடும்பத் தலைவரின் பெயர்' என்பது முதற் கேள்வி. சற்றுக் கீழே 'வீடு சொந்தமானதா? ஆம் / இல்லை' என்றிருக்கும். பார்வைக்கு எளிய கேள்விகள்தாம். ஆயினும் மூதூர்ப் பக்கத்துத் தோப்பூரில் இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்டால் பல குடும்பங்களால் நேராகப் பதில் எழுத முடியாது.

காரணம் எமது வழக்கத்திலேயே உள்ளது. கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பெண்ணுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். தலைவர் யாரென்று கேட்டால் கணவரின் பெயரை எழுதுவார்கள். வீடு அவருக்குச் சொந்தமா? உள்ளபடி சொன்னால் இல்லை. 2004 கடற்கோளின் பின் கிழக்குக் கரையோரத்தில் நடந்ததும் இதுவே. 'குடும்பத் தலைவர்' என்ற ஒரே கட்டத்தை நம்பி உதவியும் உரிமைப் பத்திரமும் வழங்கப்பட்டதால், மனைவியின் சீதன வீடு அழிந்த இடத்துக்கு ஈடாக வந்த வீடு சில குடும்பங்களில் கணவரின் பெயருக்குப் போயிற்று. கூட்டு உரிமை வேண்டுமென்று பெண்கள் அமைப்புகள் கேட்க நேர்ந்தது.

அந்தக் கட்டம் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்கிறது: விண்ணப்பிப்பவர் யார், பணம் யாருடைய கணக்கிற்குச் செல்ல வேண்டும், காணி யாருடைய பெயரில் உள்ளது? இவற்றைத் தனித்தனியே கேட்க வேண்டும். 'தலைவர்' என்ற சொல்லே வேண்டியதில்லை.

காணி பற்றிய கேள்விக்கு ஆம், இல்லை போதாது. அல்லைத் திட்டக் காணி போன்றவற்றை அரச அனுமதிப்பத்திரத்தில் வைத்திருப்பவர் அதைச் சொந்தக் காணி என்றே சொல்வார். அலுவலரோ உறுதி இருந்தால் மட்டுமே சொந்தம் என்று கொள்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. 2006 ஆகஸ்டில் இடம்பெயர்ந்து ஓடியவர்களிற் பத்திரங்களைத் தொலைத்தவர்களும் இருப்பார்கள். ஆகவே இப்படிக் கேட்கலாம்:

இந்தக் காணிக்கு என்ன பத்திரம் உண்டு? ஒன்றுக்கு மட்டும் (✓) இடவும்.
□ உறுதி
□ அரச அனுமதிப்பத்திரம்
□ பத்திரம் இருந்தது, தொலைந்துவிட்டது
□ பத்திரம் இல்லை
பத்திரத்தில் உள்ளவரின் பெயர்: ………
அவர் விண்ணப்பதாரருக்கு என்ன உறவு: ………

மனைவியின் தாயார் பெயரில் உறுதியுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய படிவத்தில் கணவர் 'இல்லை' என்றால் விண்ணப்பம் தள்ளப்படும். 'ஆம்' என்றால் அவர் பொய் எழுதியவராவார். புதிய படிவத்தில் 'உறுதி' என்று அடையாளமிட்டு, மாமியாரின் பெயரையும் உறவையும் எழுதினால் போதும். அலுவலர் கேட்க வேண்டியது அந்த அம்மாவின் சம்மதக் கடிதம் ஒன்றே.

அறிவுறுத்தல்களை முதற் பக்கத்தில் மொத்தமாக அச்சிட்டால் எவரும் படிப்பதில்லை. எந்தக் கேள்விக்கு உரியதோ அதன் அருகிலேயே அது நிற்க வேண்டும். கடற்கோளின் பின் முழுச் சேதத்துக்கு 250,000 ரூபாவும் பகுதிச் சேதத்துக்கு 100,000 ரூபாவும் அரசு வழங்கியது. சுவர் நின்றால் அது 'பகுதி' என்றுதான் சாதாரணமாக நினைப்போம்; திட்டத்தின் கணக்கோ 40 வீதத்துக்கு மேற்பட்டதை முழுச் சேதமாகக் கொண்டது. இப்படியான அளவைப் பொதுமக்களிடம் கேட்கக்கூடாது. கூரை உண்டா, எத்தனை சுவர் நிற்கிறது, இப்போது அதில் வசிக்கிறீர்களா என்று கண்ணால் கண்டதைக் கேட்டு, வீதத்தை அலுவலர் கணிக்கட்டும். அடையாள அட்டை இலக்கத்திற்கும் இப்படியொரு குறிப்பு வேண்டும். 2016 முதல் வரும் இலக்கம் 12 எண்கள் கொண்டது. பழையது 9 எண்களும் ஓர் எழுத்தும். 12 கட்டங்களை மட்டும் அச்சிட்டால், பழைய அட்டை வைத்திருப்பவர் மீதிக் கட்டங்களைப் பூச்சியம் போட்டு நிரப்புவார்.

இனிப் பிரகடனம். 'மேற்கூறிய யாவும் உண்மையென இத்தால் உறுதிப்படுத்துவதோடு, பிழையெனக் காணப்படின் உரிய நடவடிக்கைக்கு உட்படுவேன்' என்று எழுதி வைப்பது வழக்கம். உரிய நடவடிக்கை எதுவென்று எழுதியவருக்கே தெரிந்திராது! பயந்தவர் கையெழுத்திடாமல் திரும்பிப் போவார். மற்றவர் படிக்காமலே இடுவார். மேலும், விபரம் உண்மை என்பது ஒன்று, பணத்தைத் திருப்பித் தருவேன் என்பது வேறு. தனித்தனி வாக்கியமாக எழுதுவோம்: 'எனக்குத் தெரிந்தவரை இவை உண்மை.' 'இப்பணத்தை வீடு திருத்துவதற்கே செலவிடுவேன். வேறு வழியில் செலவிட்டால் சங்கத்துக்குத் திருப்பித் தருவேன்.' பெருவிரல் அடையாளம் இடுபவருக்காக, 'இதை வாசித்து விளங்கப்படுத்தினேன்' என்று இன்னொருவர் ஒப்பமிடும் வரியும் தேவை.

அச்சகத்துக்குக் கொடுக்குமுன், படிவத்தை எழுதாத ஐந்தாறு பேரிடம் உதவியின்றி நிரப்பச் சொல்லுங்கள். அவர்களில் சீதன வீட்டில் இருப்பவர் ஒருவர், அனுமதிப்பத்திரக் காணிக்காரர் ஒருவர், விதவை ஒருவர் இருக்கட்டும். 'விளங்குகிறதா?' என்று கேட்டால் மரியாதைக்காக ஆமென்பார்கள். 'இந்தக் கேள்வி என்ன கேட்கிறது, உங்கள் சொல்லில் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். வெட்டி எழுதிய இடத்தையும், பக்கத்திலிருப்பவரை எட்டிப் பார்த்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இருவர் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்தக் கேள்வியைத் திருத்தி, வேறு ஆட்களிடம் மறுபடி கொடுத்துப் பாருங்கள்.