தண்ணீர் முதலில், தாவல் பிறகு

கோடை விடுமுறை வந்துவிட்டால் பாசனக் கிணற்றில் பிள்ளைகள் குதிக்கும் படங்கள் பத்திரிகைகளில் வரத் தொடங்கிவிடும். சிலவற்றில் பையன் அந்தரத்தில் நின்றபடி சிரிக்கிறான். காலில் ஒட்டிய மண்கூடத் தெரிகிறது, தெறிக்கும் தண்ணீரைத் துளித்துளியாக எண்ணலாம். வேறு சிலவற்றில் முகம் கலங்கிக் கிடக்கிறது, தண்ணீர் வெறும் வெள்ளைக் கோடுகளாக இழுபடுகிறது. இரண்டும் ஒரே கிணறாக, ஒரே வெயிலாக, ஒரே கேமராவாகக்கூட இருக்கலாம். வித்தியாசம் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதிலும், எப்போது திறந்தது என்பதிலும் இருக்கிறது. முதலாவதைக் கேமராவில் ஓர் எண்ணாக வைத்துவிடலாம். இரண்டாவதற்கு அப்படி எண் எதுவும் கிடையாது.

கிணற்று மேட்டிலிருந்து தண்ணீர் மூன்று மீட்டர் கீழே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பையன் எகிறிக் குதிக்கிறான். உடம்பு முப்பது சென்டிமீட்டர் மேலே போய்ப் பிறகு கீழே இறங்குகிறது. கால் மேட்டை விட்டதிலிருந்து உச்சிக்குப் போக கால் விநாடி. அங்கிருந்து தண்ணீரைத் தொட முக்கால் விநாடிக்குச் சற்று மேல். ஆக மொத்தம் ஒரு விநாடிக்குச் சற்று மேல், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு விநாடி முழுக்க அவன் ஒரே வேகத்தில் போவதில்லை. உச்சியில், ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் இடத்தில், மேல்கீழ் வேகம் சுழி. தண்ணீரைத் தொடும்போது விநாடிக்கு எட்டு மீட்டர்.

கேமராவின் எண்ணுக்கு இங்கேதான் வேலை. திரையில் 1/250 என்று இருந்தால் விநாடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்கும் என்று பொருள். சில கேமராக்கள் மேலே இருக்கும் ஒன்றை விட்டுவிட்டு 250 என்று மட்டும் காட்டும்; இரட்டை மேற்கோள் குறியோடு 2" என்று இருந்தால் அது முழு இரண்டு விநாடி. கேமராவின் சக்கரத்தில் S என்றோ Tv என்றோ உள்ள இடத்துக்குத் திருப்பினால், இந்த எண்ணை நாம் வைக்கலாம், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

1/250-இல் தண்ணீரைத் தொடப்போகும் பையன், ஷட்டர் மூடுவதற்குள் 32 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுவான். படத்தில் மேலிருந்து கீழாக நான்கு மீட்டர் உயரம் அடங்கியிருக்கிறது, அது 28 சென்டிமீட்டர் உயரப் பத்திரிகைப் பக்கத்தில் அச்சாகிறது என்றால், அந்த 32 மில்லிமீட்டர் பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். கண்ணும் மூக்கும் கலங்க அது போதும். 1/1000-இல் இழுபடுவது பக்கத்தில் அரை மில்லிமீட்டர். கூர்ந்து பார்ப்பவருக்குத் தெரியும். 1/2000-இல் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். கையில் வைத்துப் படிக்கும் தூரத்தில் அநேகமாக யாருக்கும் தெரியாது. இதே பையனை உச்சியில் எடுத்திருந்தால் 1/250 போதும், உடம்பு தெளிவாகவே விழும். ஆனால் அங்கேயும் வீசும் கையும் உதறும் காலும் இழுபடும், ஏனென்றால் உடம்பு நின்றாலும் அவை நிற்பதில்லை.

ஓட்டத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஓடுகிறவரின் ஒரு பாதம் தரையில் ஊன்றியிருக்கும் கணத்தில் அந்தப் பாதத்துக்கு வேகமே இல்லை. பின்னாலிருந்து முன்னே வீசிவரும் மற்றப் பாதமோ உடம்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. ஆகவே 1/500-இல் எடுத்த படத்தில் ஊன்றிய கால் கல்லில் செதுக்கியதுபோல் இருக்க, வீசிய கால் கலங்கியிருப்பது கேமராவின் கோளாறு அல்ல. குறுக்கே ஓடுகிறவரைவிடக் கேமராவை நோக்கி ஓடிவருகிறவர் குறைவாகவே கலங்குவார். அவர் நகர்வதில் பெரும்பகுதி படத்தின் குறுக்கே விழுவதில்லை. அதுபோல, முகத்தை மட்டும் பெரிதாக எடுத்தால் கலங்கலும் அதே அளவு பெரிதாகும். அதனால் "குதிப்பதற்கு இந்த எண், ஓடுவதற்கு இந்த எண்" என்று மனப்பாடம் செய்வதில் பெரிய பயனில்லை. படத்தில் ஆள் எவ்வளவு பெரிதாக இருக்கிறார், எந்தப் பக்கம் போகிறார் என்பதையும் சேர்த்துத்தான் எண்ணை வைக்க வேண்டும்.

ஷட்டரை இவ்வளவு குறுக்கினால் வெளிச்சம் வேண்டும். உச்சி வெயில் கிணற்றுக்குள் நேரே இறங்கும் நேரத்தில் f/4, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்தாலே 1/1600 கிடைக்கும். காலையிலோ மாலையிலோ கிணற்றுக்குள் நிழல் விழுந்துவிட்டால் அதே ஷட்டருக்கு ஐ.எஸ்.ஓ.வை 800 வரை ஏற்ற வேண்டியிருக்கும். படத்தில் கொஞ்சம் மணல் தூவினாற்போல் புள்ளிகள் வரும். வரட்டும், புள்ளி விழுந்த தெளிவான முகத்தை அச்சிடலாம், கலங்கிய முகத்தை எதுவும் செய்ய முடியாது. ஃபோகஸை ஓடும் உடம்பின் பின்னால் துரத்தவிடாமல், அவன் வரப்போகும் இடத்தில் கிணற்றுப் படியிலோ எதிர்ச்சுவரிலோ அதே தூரத்தில் உள்ள ஒன்றில் வைத்துப் பூட்டிவிடுவது நல்லது. 50 மில்லிமீட்டர் லென்ஸில் ஆறு மீட்டருக்கு வைத்துப் பூட்டினால், முழு அளவுச் சென்சார் உள்ள கேமராவில் f/4-இலும் முன்னால் ஒரு மீட்டருக்கு மேலும் பின்னால் இரண்டு மீட்டருக்கு மேலும் தெளிவாக இருக்கும். பையன் அதற்குள் வந்துவிடுவான். தண்ணீர்த் துளிக்குச் சொந்த நிறம் இல்லாததால், பின்னால் கிணற்றின் கருத்த பாறைச்சுவர் இருக்க, மேலிருந்து வெயில் விழ வேண்டும். வெள்ளை வானத்தின் முன்னால் துளிகள் காணாமல் போய்விடும்.

இனி, எப்போது அழுத்துவது? கண் பார்த்ததற்கும் விரல் அழுத்துவதற்கும் இடையே ஏறத்தாழ 0.2 விநாடி போய்விடுகிறது. "உச்சிக்கு வந்துவிட்டான்" என்று பார்த்து அழுத்தினால், அதற்குள் அவன் இருபது சென்டிமீட்டர் இறங்கியிருப்பான். முகத்தில் அந்த மிதப்பு போய், விழும் பதற்றம் வந்திருக்கும். கால் மேட்டை விடுவதைப் பார்த்ததும் அழுத்தினால் ஷட்டர் உச்சியை ஒட்டித் திறக்கும், ஏனென்றால் உச்சிக்குப் போக ஆகும் நேரமும் அந்தக் கால் விநாடிதான். பர்ஸ்ட் வைத்து விநாடிக்குப் பத்துப் படம் எடுக்கிறவர்களுக்கும் இதிலிருந்து விடுதலை இல்லை. தண்ணீரை நெருங்கும்போது இரண்டு படத்துக்கு இடையே பையன் எண்பது சென்டிமீட்டர் போய்விடுகிறான். பாதம் நீரைத் தொடும் அந்தப் படம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள்தான் நழுவும்.

ஹென்றி கார்த்தியே-பிரஸ்ஸோன் 1932-இல் பாரிஸ் சேன்-லசார் ரயில் நிலையத்தின் பின்புறம், வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்த படம் இங்கே நினைவுக்கு வருகிறது. தேங்கிய மழைத் தண்ணீரைத் தாண்டும் மனிதர் அதில் கலங்கித்தான் இருக்கிறார். ஆனால் அவருடைய குதிகாலுக்கும் தண்ணீரில் தெரியும் அதன் நிழலுக்கும் நடுவே மெல்லிய ஓர் இடைவெளி மிச்சமிருக்கிறது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தண்ணீர் உடைந்து நிழலும் போயிருக்கும். 1/2000-இல் எடுத்த எத்தனையோ கூர்மையான படங்களில் இந்த இடைவெளி கிடைப்பதில்லை.

தெறிக்கும் தண்ணீரையும் ஆளின் முகத்தையும் ஒரே படத்தில் கொண்டுவருவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். உடம்பு நீருக்குள் போனதும் ஒரு பள்ளம் விழுகிறது. அதைச் சுற்றித் தண்ணீர் கிரீடமாக எழுகிறது. பள்ளம் மூடும்போது நடுவிலிருந்து ஒரு தாரை மேலே பீறிடுகிறது. அழகான தண்ணீர் எல்லாம் பையன் உள்ளே போன பிறகுதான். பாதம் நீரைத் தொட்டதைப் பார்த்து அழுத்தினால் கிரீடம் கிடைக்கும், முகம் கிடைக்காது. 

இதற்கு வழி, வரிசையை மாற்றுவது. 1948-இல் நியூயார்க்கில் ஃபிலிப் ஹால்ஸ்மன், ஓவியர் சால்வடார் டாலியை அந்தரத்தில் எடுத்த 'டாலி அட்டாமிகஸ்' படத்தில் ஒரு வாளித் தண்ணீர் வளைந்து பறக்கிறது, மூன்று பூனைகள் பறக்கின்றன, டாலி தரையை விட்டு எழும்பியிருக்கிறார். ஓவியங்களைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள்; இடது ஓரத்து நாற்காலியை ஹால்ஸ்மனின் மனைவி இவோன் கையில் பிடித்திருந்தார். ஹால்ஸ்மன் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். மூன்றில் உதவியாளர்கள் பூனைகளையும் தண்ணீரையும் வீசுவார்கள். நான்கில்தான் டாலி குதிப்பார். தண்ணீர் வாளியை விட்டு வெளியேறி வளைய நேரம் வேண்டும். மனிதர் எழும்ப அவ்வளவு வேண்டாம். ஒவ்வொரு முறையும் அவர் ஃபிலிமைக் கழுவிப் பார்த்துவிட்டு வருவதற்குள் மற்றவர்கள் தரையைத் துடைத்துப் பூனைகளைப் பிடித்து வைப்பார்கள். இருபது தடவைக்கு மேல் இப்படி நடந்தது.

கிணற்றிலும் இதையே செய்யலாம். அகலமான கிணற்றில் இரண்டு பிள்ளைகள், எதிரெதிர்ப் பக்கங்களில். முதலாமவன் குதிக்கிறான்; அவன் நீரைத் தொடும் சத்தம் கேட்டதும் இரண்டாமவன் எகிறுகிறான். சத்தம் கேட்டு அவன் கால் எழும்ப 0.2 விநாடியாவது ஆகும், பிறகு கால் விநாடியில் உச்சி. அப்போது கீழே முதலாமவன் எழுப்பிய தண்ணீர் இன்னும் காற்றில் நிற்கும், மேலே இரண்டாமவன் முகம் நிற்கும். இருவரும் ஒரே பக்கத்தில் நிற்கவே கூடாது, ஒருவன் தலைமேல் இன்னொருவன் விழுவான். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் படியில் இருக்க வேண்டும்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். தானியங்கி முறையில் போன் பெரும்பாலும் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. நிற்கிறவருக்கு நல்லது, குதிக்கிறவருக்குச் சில சமயம் விரல்கள் இரட்டையாகும், துளியைச் சுற்றி மங்கலான இன்னொரு விளிம்பு தெரியும். ப்ரோ முறைக்குப் போய் S என்ற இடத்தில் 1/2000 வைத்தால் இது அநேகமாக விலகும். ஆனால் இன்னொன்று விலகாது. பெரும்பாலான போன்களில் சென்சார் படத்தை ஒரே அடியாக எடுக்காமல் வரிவரியாகப் படிக்கிறது. முழுவதும் படிக்க அறுபதில் ஒரு விநாடி ஆகும் போனைப் படுக்கையாகப் பிடித்து, விநாடிக்கு ஐந்து மீட்டரில் குறுக்கே ஓடுகிறவரை எடுத்தால், மேல்வரி பதிவானதற்கும் கீழ்வரி பதிவாவதற்கும் இடையே அவர் எட்டு சென்டிமீட்டர் போயிருப்பார். ஒவ்வொரு வரியும் கூர்மையாகவே இருக்கும், ஆனால் உடம்பு சாய்ந்திருக்கும். ழாக் ஆன்றி லார்த்திக் 1910-களின் தொடக்கத்தில் எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் முட்டை வடிவில் முன்னே சாய்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான். அவருடைய கேமராவில் சென்சாருக்குப் பதில் ஒரு திரையின் இடுக்கு கண்ணாடித் தகட்டின் குறுக்கே நகர்ந்தது. படம் சாய்ந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், ஓடுகிறவரை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள கம்பத்தையும் சுவரையும் பாருங்கள். கேமரா அசையாமலிருந்தால் அவை நேராக இருக்கும், ஆள் மட்டும் சாய்ந்திருப்பார்.